லிப்ட் ஆறு நாள் நின்றபோது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எங்கள் தொடர்மாடி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நிலத்தளத்துக்கு மேல் ஆறு மாடி, 24 வீடு, ஒரே ஒரு லிப்ட். போன மாரியில் ஒரு திங்கள் இரவு நின்ற லிப்ட், ஞாயிறு மத்தியானம்தான் திரும்ப ஓடியது. அந்த ஆறு நாளும் குடியிருப்பாளர் குழுவின் செயலாளராக அறிவித்தல் எழுதியதும் போன் எடுத்ததும் நான். மேல்மாடியிலிருந்தும் கேட்டார்கள், ரொறன்ரோவிலிருந்தும் கேட்டார்கள், கேள்விகள் ஒன்றுதான். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். நான் விட்ட பிழைகளும் இதில் இருக்கின்றன.

"லிப்ட் பழுதோ, இல்லாட்டிக் கரண்ட் பிரச்சினையோ? பட்டனை அமத்தினா ஒண்டும் நடக்கேல்லை."

முதலில் நடைபாதை விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்து லிப்ட் மட்டும் நிற்கிறதென்றால், கரண்ட் போய்வந்த பிறகா நின்றது என்று யோசியுங்கள். லிப்டுக்கு மூன்று பேஸ் வேண்டும். அதில் ஒன்று வராவிட்டாலோ, ஜெனரேட்டர் வேலைக்குப் பிறகு வரிசை மாறிவிட்டாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ரிலே ஒன்று லிப்டை ஓட விடாது. இது பெரும்பாலும் மெக்கானிக் வந்த அன்றே தீர்கிற விஷயம்.

எங்களுக்கு நடந்தது அதுவல்ல. லிப்டின் அடியில், நிலத்தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கிறது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது கிணறு நிரம்புவதுபோல இந்தக் குழியிலும் தண்ணீர் ஊறும். குழிக்குள் இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் நனைந்து பிரேக்கர் விழுந்தது. கரண்ட் பிரச்சினை என்று நினைத்த காவலாளி அதை மூன்று தரம் தூக்கிவிட்டார். பிறகு பார்த்தால் கட்டுப்பாட்டுப் போர்ட் ஒன்று எரிந்திருந்தது. அவர் தூக்கியதால்தான் எரிந்ததென்று யாராலும் நிரூபிக்க முடியாது, அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இப்போது அந்தப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. ஒருமுறை விழுந்த பிரேக்கரை மெக்கானிக் தவிர யாரும் தொடுவதில்லை.

"எப்ப சரியாகும்? ஒரு திகதி சொல்லுங்கோவன்."

இதற்குத்தான் நான் பெரிய பிழை விட்டேன். செவ்வாய்க்கிழமை குழித்தண்ணீரை இறைத்து முடித்ததும், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். மெக்கானிக் அப்படிச் சொல்லவே இல்லை. "காய்ந்ததும் பார்ப்பம்" என்றுதான் சொன்னார். ஐந்தாம் மாடி அம்மா ஒருவர் என் செய்தியை நம்பி, புதன் காலை மெல்ல மெல்ல இறங்கிக் கிளினிக் போனார். திரும்பி வந்து, லிப்ட் ஓடும் என்று கீழே காவலாளியின் கதிரையில் பின்னேரம்வரை இருந்தார். ஓடாது என்று நான் எழுதியிருந்தால், அவர் காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போயிருப்பார்.

அன்றிலிருந்து திகதி எழுதுவதை விட்டுவிட்டு, தெரிந்தது, தெரியாதது, அதுவரை எப்படி ஆயத்தமாவது, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு என்று நான்கு விஷயத்தை எழுதினேன். புதன் மாலை போட்டது இது:

"புதன் மாலை 6 மணி. குழித்தண்ணீர் இறைத்தாயிற்று. கட்டுப்பாட்டுப் போர்ட் ஒன்று எரிந்திருக்கிறது. அந்தப் போர்ட் கொழும்பில் கைவசம் உண்டா என்று இன்னும் தெரியாது. இன்றிரவும் நாளை முழுதும் லிப்ட் ஓடாது என்று வைத்து ஆயத்தமாகுங்கள். அடுத்த செய்தி வியாழன் காலை 8 மணிக்கு."

போர்ட் வியாழன் இரவு பஸ்ஸில் பார்சலாக ஏறி வெள்ளி காலை வந்தது. பார்க்க அதே மாதிரி இருந்தும் பொருந்தவில்லை, பதிப்பு வேறு. இரண்டாவது பார்சல் ஞாயிறு காலை வந்தது. வெள்ளிக்கிழமை திகதி சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். அப்புறம் ஒரு சின்ன வேலை: பழைய போர்டில் ஒட்டியிருக்கிற இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகே புதியதை ஏற்றச் சொல்லுங்கள். நாங்கள் முதல்முறை அதைச் செய்யாததால் இரண்டு நாள் போனது.

"ஏன் காலமையும் பின்னேரமும் மட்டும் சொல்லுறியள்? ஏதும் தெரிஞ்சா உடன போடக்கூடாதோ?"

முதல் நாள் அப்படித்தான் செய்தேன். மெக்கானிக் வந்தார், போனார், மோட்டர் கொண்டுவரப் போயிருக்கிறார் என்று பதினைந்து செய்தி. நடுவில் மற்றவர்களின் "நன்றி", கும்பிடுகிற கை, காலை வணக்கப் பூ. முக்கியமான வரி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அதனால் காலை 8, மாலை 6 என்று வைத்தோம். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு "மாற்றம் இல்லை" என்று ஒரு செய்தி கட்டாயம் போகும். செய்தி வராமலிருந்தால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

மாலை ஆறு மணியை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மாரி காலத்தில் எங்களுக்கு ஆறு மணி என்றால் லண்டனில் மத்தியானம் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஏழரை. பிள்ளைகள் வேலைக்குப் போகமுன் பார்த்துவிடுவார்கள். அது தொடங்கிய பிறகு எனக்கு நடுச்சாமத்தில் போன் வருவது நின்றது.

"அம்மாட்ட வட்ஸ்அப் இல்லை. அவவுக்கு ஆர் சொல்லுவினம்?"

வட்ஸ்அப்பை நம்பி இருந்தால் யாருக்குச் செய்தி மிகத் தேவையோ அவருக்கே அது போகாது. எங்களிடம் அப்படி நான்கு வீடு இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே மாடியில் ஒருவரைப் பொறுப்பாக வைத்தோம். காலையும் மாலையும் கதவைத் தட்டி, செய்தியை வாய்விட்டு வாசிப்பார்கள். கதவு இடுக்கால் காகிதம் தள்ளிப் பார்த்தோம், சரிவரவில்லை. கண்ணாடி தேடி எடுத்து வாசிக்கிற பொறுமை எல்லோருக்கும் இல்லை. குனிந்து காகிதம் எடுக்கப்போய் விழுந்தால் அது வேறு வில்லங்கம்.

ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் கதவில் பெரிய எழுத்தில் ஒரு மட்டை தொங்கியது: "லிப்ட் ஓடாது. பட்டனை அமத்த வேண்டாம்." அவ்வளவுதான்.

"ஆறாம் மாடிக்காரருக்குத்தானே முதல்ல உதவி? நாங்கள்தானே கூடப் படி ஏறுறம்."

மாடியை வைத்து வரிசை போடவில்லை. செவ்வாய் பின்னேரம் இரண்டு பேர் வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி கேட்டார்கள். அடுத்த மூன்று நாளில் தவிர்க்கவே முடியாத பயணம் இருக்கிறதா? மருந்து எத்தனை நாளுக்குக் கையில் உண்டு? இரவில் பக்கத்தில் யார் இருப்பார்கள்? 24 வீட்டில் ஒன்பது பேர் கவனிக்க வேண்டியவர்களாக வந்தார்கள்.

பட்டியலின் முதலில் வந்தவர் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. இன்சுலின் இரண்டு நாளுக்கே இருந்தது, இரவில் யாரும் இல்லை. ஆறாம் மாடியில் எண்பது வயது கடந்த தம்பதி இருந்தார்கள், ஆனால் மகன் கூடவே இருக்கிறார், மருந்து மாதக் கணக்குக்கு உண்டு. அவர்கள் ஆறு நாளும் கீழே வரவில்லை, தேவையும் படவில்லை. மகனுக்கு எங்கள்மேல் கொஞ்சம் கோபம்தான். காரணத்தைச் சொன்னதும் விளங்கிக்கொண்டார்.

இந்தப் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். யாருக்கு என்ன வருத்தம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு கொப்பி, இரண்டு பேர் மட்டும் பார்க்கலாம்.

"அப்பா நல்லா நடப்பார். படியால இறங்கினா என்ன?"

சமதரையில் நடப்பதும் படியும் வேறு. எங்கள் கட்டிடத்தில் ஒரு மாடிக்கு 18 படி. ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க 90 படி, பிறகு அதே 90 ஏற வேண்டும். ஏறுவது நெஞ்சுக்குப் பாரம். முழங்காலுக்கும் சமநிலைக்கும் இறங்குவதுதான் கூடச் சிரமம், விழுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான். அதனால் முதல்நாள் ஒரு மாடி மட்டும் இறங்கி ஏறிப் பார்க்கட்டும். மேலே வந்து நின்று, மூச்சு வாங்காமல் ஒரு வசனம் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு கால் நோவென்றால், ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வைக்க வேண்டும். கைத்தடி எப்போதும் நோவுள்ள காலோடு போகும். கூடப் போகிறவர் இறங்கும்போது ஒரு படி கீழே, ஏறும்போது ஒரு படி பின்னால் நிற்கட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மழைக்காலத்தில் பாட்டாச் செருப்போடு படி இறங்குவதை நாங்கள் தடுத்தே விட்டோம், ஈரத்தில் அது வழுக்கும். ஒவ்வொரு மாடியிலும் இளைப்பாற ஒரு மரக்கதிரை வைத்தோம், படி திரும்புகிற இடத்தில் அல்ல, நடைபாதைப் பக்கமாக. அவசரத்துக்கு ஓடுகிறவர் அதில் தடக்கக் கூடாது.

"நாலு பெடியள் சேர்ந்து கதிரையில வைச்சுத் தூக்கலாம்தானே?"

தூக்கலாம், நாங்களும் தூக்கினோம். ஆனால் பிளாஸ்டிக் கதிரையில் ஒருபோதும் வேண்டாம். வீட்டில் கைக்குக் கிடைப்பது அதுதான் என்பது தெரியும். பின்பக்கம் சரிக்கும்போது கால் வளையும், கைப்பிடியில் தூக்கினால் கைப்பிடி உடையும். ஆடாத மரக்கதிரையோ இரும்புக்கதிரையோ வேண்டும், சில்லு இருக்கக் கூடாது. இருப்பவரின் இடுப்பையும் நெஞ்சையும் சால்வையால் கதிரையோடு கட்டுங்கள். கை இரண்டும் மடியில் இருக்கட்டும், பயத்தில் கைபிடிச் சுவரைப் பிடித்தால் எல்லோருமே சாய்வார்கள்.

இறங்கும்போது அவர் முகம் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், கதிரை சற்றுப் பின்னே சாய்ந்திருக்க வேண்டும். ஒருவர் பின்னால் முதுகுச் சட்டத்தைப் பிடிக்க, இருவர் முன்கால்களைப் பிடிக்க, நாலாவது ஆள் கீழே நின்று படியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும், பின்னால் நிற்பவரிடமிருந்து. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்துக் கை மாற்றினோம். முதலில் வெறுங்கதிரையோடு, பிறகு எங்கள் பெடியன் ஒருவனை இருத்திப் பழகினோம். அவன் பயந்ததைப் பார்த்த பிறகுதான் சால்வை கட்டும் யோசனையே வந்தது.

விழுந்து இடுப்பு நோகிறவரையும், நெஞ்சு நோவோ வாய் கோணலோ உள்ளவரையும் இப்படித் தூக்க வேண்டாம். அதற்கு ஆள் வேறு, இரவில் ஏதும் நடந்தால் என்ற கேள்விக்கான பதிலைக் கீழே பாருங்கள்.

"கீழ அறையில தங்கச் சொல்லுறியள். அம்மா மாட்டனெண்டு நிக்கிறா."

நிலத்தளத்தில் கூட்டம் வைக்கிற மண்டபத்தை இரண்டாக மறைத்து, நாலு கட்டில் போட்டோம். ஒருவரும் வர விரும்பவில்லை, அதில் நியாயமும் உண்டு. குளியலறை வெளியே, ஆட்கள் போய்வருகிற இடம், சாமிப்படம் இல்லை. ஒரு அம்மா நேரடியாகச் சொன்னார், "மேல இருந்தா வீட்டுக்காரி, கீழ வந்தா அகதி" என்று. இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று தெரிந்தவர்கள் அவரை வற்புறுத்த மாட்டார்கள்.

பிறகு வழியை மாற்றினோம். வெளியே போக வேண்டிய தேவை இல்லாதவர் மேலேயே இருக்கட்டும், சாப்பாடும் மருந்தும் மேலே போகும். கிழமையில் பலதரம் இறங்க வேண்டியவர் மட்டும் கீழே, அல்லது சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். கடைசியில் மண்டபத்தில் படுத்தது இரண்டே பேர். வாளி, கழிப்பறைக் கதிரை, இரவில் எரிகிற சின்ன விளக்கு, கூப்பிட ஒரு மணி, இவை வைத்த பிறகுதான் அவர்களும் சம்மதித்தார்கள்.

"அப்பாவுக்குக் கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிஸ். ஒரு முறை விட்டாப் பரவாயில்லையோ?"

விடக் கூடாது. லிப்ட் இல்லை என்பதற்காக ஒரு முறையைத் தள்ளலாமா என்று நீங்களோ நாங்களோ முடிவெடுக்க முடியாது. லிப்ட் நின்ற அன்றே அந்தப் பிரிவுக்கு போன் எடுத்து நிலைமையைச் சொல்லுங்கள், நேரம் மாற்ற முடியுமா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

எங்கள் நாலாம் மாடி ஐயாவை செவ்வாய் காலை கதிரையில் இறக்கினோம். டயலிசிஸ் முடிந்து வருகிறவர் களைத்துப்போயிருப்பார், இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் 72 படி ஏற்றுவது சரியல்ல என்று மகள் சொன்னா. சரி என்று அன்றே கீழ்மண்டபத்துக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் படுத்த இரண்டு பேரில் ஒருவர் அவர்தான். வியாழனும் சனியும் ஓட்டோவில் ஏறிப் போய்வந்தார், கதிரைச் சவாரி இல்லாமலே.

"இரவில அம்மாவுக்கு ஏதும் நடந்தா என்ன செய்யிறது?"

1990க்கு எடுங்கள், இலவச அம்புலன்ஸ். முதல் வசனத்திலேயே "லிப்ட் ஓடாது, இத்தனையாம் மாடி" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்கு அது தெரியும். படி அகலம், திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்பதையும் சொல்லலாம். நாங்கள் அளந்து காவலாளியின் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அடுத்த போன் காவலாளிக்கு. அவர் கேட்டைத் திறந்து, படி விளக்கெல்லாம் போட்டு, இரவுமுறையில் உள்ள இரண்டு பெடியளை எழுப்புவார். அவர்கள் வேலை வழி காட்டுவதும் சாமான் தூக்குவதும். நோயாளியை எப்படி இறக்குவது என்பதை அம்புலன்ஸில் வந்தவர்கள் சொல்கிறபடி செய்வார்கள். அந்த ஆறு நாளில் ஒருதரம் எழுப்ப வேண்டி வந்தது. சீனி இறங்கியதுதான், மேலேயே சரிப்பண்ணிவிட்டார்கள்.

"காஸ் முடிஞ்சுது. ஆர் தூக்கித் தருவினம்?"

12.5 கிலோ என்பது உள்ளே இருக்கிற காஸின் நிறை மட்டும். இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெரிய தண்ணீர்ப் போத்தல் 19 கிலோ வரும். தனியாக இருக்கிற முதியவர்களுக்குக் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் பெடியள் தூக்கினார்கள், மற்றவர்கள் தாங்களே. தண்ணீரை ஐந்து லீற்றர் கலன்களில் ஊற்றிக் கொண்டுபோனால் வீட்டுக்குள் அந்த அம்மாவுக்கே தூக்க ஏலும். பெரிய போத்தலை மேலே வைத்துவிட்டு வந்தால் அதைச் சரித்து ஊற்ற அவரால் முடியாது.

"நான் முதலாம் மாடி. லிப்டில ஏறுறதே இல்லை. திருத்தக் காசு நான் ஏன் குடுக்க வேணும்?"

லிப்ட் பொதுச்சொத்து, கூரையும் தண்ணீர்த்தாங்கியும் போல. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுப்பகுதிச் செலவு வீட்டின் பங்கு அளவைப் பார்த்துப் பிரிபடும், யார் எத்தனை தரம் ஏறினார் என்று பார்த்து அல்ல. ஆறாம் மாடிக்காரரும் உங்கள் வாசலில் தேங்கும் மழைத்தண்ணீர் இறைக்கக் காசு கொடுக்கிறார்.

பெடியளுக்குக் கொடுத்த தேநீர்ச் செலவும் மண்டபத்துக் கட்டில் வாடகையும் வேறு. அதைக் குழுவில் கேட்டு, விரும்பியவர்கள் தந்தார்கள். கணக்கு நிலத்தளத்தில் ஒட்டியிருக்கிறது.

"லிப்ட் ஓடுதெண்டு சொல்லுகினம். அம்மாவை இப்பவே ஏத்தலாமோ?"

மெக்கானிக் போன கையோடு வேண்டாம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கே லிப்ட் அசைந்தது, ஆனால் நாங்கள் ஒரு மணிவரை யாரையும் ஏற்றவில்லை. முதலில் வெறுமையாக எல்லா மாடிக்கும் பலதரம் ஓட்டினார். பிறகு அவரும் நானும் ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் லிப்டின் தரையும் நடைபாதைத் தரையும் சமமா என்று பார்த்தோம். மூன்றாம் மாடியில் பெருவிரல் தடிப்புக்கு உயர்ந்து நின்றது. நீங்களும் நானும் கவனிக்க மாட்டோம், காலை இழுத்து நடக்கிறவர் அதில்தான் விழுவார். அதைச் சரிசெய்த பிறகே மட்டைகளைக் கழற்றினோம்.

"அடுத்த மாரிக்கும் இதே கதையோ?"

குழியைத் திருத்தாவிட்டால் ஆம். மாரியில் இறைத்தால் இறைக்க இறைக்க ஊறும், அப்போது பூசவும் முடியாது. நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கிற ஆடி, ஆவணியில்தான் குழியைக் காயவிட்டு, நீர் கசியாத பூச்சுப் பூச வேண்டும். அதற்கு மூன்று விலைக்கோரல் வாங்கியிருக்கிறோம். தண்ணீர் ஒரு சாண் வந்தாலே மணி அடிக்கிற ஒரு மிதவை சுவிட்ச் இப்போதே போட்டாயிற்று. அது அடித்தால் காவலாளி செய்ய வேண்டியது ஒன்றுதான்: லிப்டை ஒரு மாடியில் கதவு திறந்தபடி நிறுத்தி ஆட்களை இறக்கி, மெயினை அணைத்து, எனக்குப் போன் எடுப்பது.